ஒரே பேனா, மூன்று வளைகோடுகள்: கிரிட்டாவில் மைக்கோடு சீராக விழ

புதிதாக டேப்லெட் வாங்கியவர் கிரிட்டாவைத் திறந்து, மை பிரஷ் ஒன்றை எடுத்து முதல் கோட்டை இழுக்கிறார். தொடக்கத்திலேயே ஒரு குமிழ். நடுவில் கோடு தடித்துப்போய் அப்படியே நிற்கிறது. முடிவில் கூராக மெலிய வேண்டிய இடத்தில் மொட்டையாக வெட்டுப்பட்டிருக்கிறது. காகிதத்தில் இதே கை அழகாகத்தான் வரைந்தது. உடனே இணையத்தில் தேடி, டேப்லெட்டின் டிரைவரில் ஒரு அளவை மாற்றுகிறார். சரியாகவில்லை என்று கிரிட்டாவின் அமைப்புகளில் இன்னொன்றை மாற்றுகிறார். பிறகு பிரஷ்ஷுக்குள்ளேயே போய் மூன்றாவதாக ஒன்றைத் தொடுகிறார். மாலைக்குள் கோடு காலையில் இருந்ததைவிட மோசமாகிவிடுகிறது.

பழுது பெரும்பாலும் கையிலும் இல்லை, கருவியிலும் இல்லை. பேனாவின் அழுத்தம் திரையில் கோடாக மாறுவதற்குள் மூன்று வளைகோடுகளைக் கடந்து வருகிறது. ஒவ்வொன்றும் தனித்தனியாக அதைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது. எந்த வளைகோட்டுக்கு எந்த வேலை என்று பிரித்துக்கொண்டால் அரை மணி நேரத்தில் முடிகிற காரியம் இது.

கிரிட்டா, கேடிஇ சமூகத்தினர் உருவாக்கிவரும் கட்டற்ற ஓவிய மென்பொருள். காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பிரான்ஸைச் சேர்ந்த ஓவியர் டேவிட் ரெவோய் 2014 முதல் வரைந்துவரும் ‘பெப்பர் அண்ட் கேரட்’ என்ற இணையச் சித்திரக்கதை இதில் உருவாவதுதான். பென்சில் ஓவியத்தின் மேல் கருப்பு மையால் இறுதிக் கோடு போடும் வேலையை ஓவியர்கள் இங்கிங் என்கிறார்கள். டேப்லெட்டின் குணம் அப்பட்டமாகத் தெரிவது இந்த வேலையில்தான். வண்ணம் பூசும்போது சின்னப் பிசிறுகள் மறைந்துவிடும். வெள்ளைப் பின்னணியில் ஒற்றைக் கருப்புக் கோடு எதையும் மறைக்காது.

பேனா என்ன சொல்கிறது?

டேப்லெட்டின் பரப்புக்கு அடியில் கம்பிச் சுருள்களின் வலை இருக்கிறது. அது எழுப்பும் மின்காந்தப் புலத்திலிருந்தே பேனா தனக்கு வேண்டிய சக்தியை எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் இப்போதைய பேனாக்கள் பலவற்றில் பேட்டரி கிடையாது. நிப்பை அழுத்தும்போது பேனாவுக்குள் இருக்கும் உணரியின் அளவு மாறுகிறது. அந்த மாற்றத்தை டேப்லெட் ஓர் எண்ணாக்கி கணினிக்கு அனுப்புகிறது. இந்த எண்ணோடு பேனா இருக்கும் இடமும் சேர்ந்து நொடிக்கு நூறு முறைக்கு மேல் போய்க்கொண்டே இருக்கிறது.

பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் 2048, 4096, 8192 என்பவை அந்த எண் எத்தனை படிகளாகப் பிரிக்கப்படுகிறது என்பதைக் காட்டுகின்றன. விற்பனைக்கு இது கவர்ச்சியான எண். ஆனால் மைக்கோட்டின் சீருக்கும் இதற்கும் தொடர்பு குறைவு. 20 பிக்சல் பிரஷ் ஒன்றின் தடிமன் 0-விலிருந்து 20 வரைதான் மாறப் போகிறது. கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு அதில் சில டஜன் படிகளே உண்டு. 2048 படிகளே அதற்குத் தாராளம். எந்த அழுத்தத்துக்கு எவ்வளவு தடிமன் என்ற கணக்குதான் கோட்டின் தன்மையைத் தீர்மானிக்கிறது. அந்தக் கணக்கை எழுதி வைப்பதுதான் அழுத்த வளைகோடு.

ஒரு சதுரக் கட்டத்தை நினைத்துக்கொள்ளலாம். கீழ்ப்பக்கம் இடமிருந்து வலமாகக் கை கொடுக்கும் அழுத்தம், 0-விலிருந்து 100 சதவீதம் வரை. இடப்பக்கம் கீழிருந்து மேலாக மென்பொருள் அதை எவ்வளவாக எடுத்துக்கொள்கிறது என்பது. மூலையிலிருந்து மூலைக்கு நேர்கோடு இருந்தால் கொடுத்தது அப்படியே போகிறது என்று பொருள். கோடு மேல்நோக்கிப் புடைத்திருந்தால் லேசாகத் தொட்டாலே தடித்துவிடும். கீழ்நோக்கித் தொய்ந்திருந்தால் நன்றாக அழுத்தினால்தான் தடிக்கும்.

முதலில் அழுத்தம் வருகிறதா?

வளைகோட்டைத் தொடுவதற்கு முன் கிரிட்டாவுக்கு அழுத்தம் வந்து சேருகிறதா என்று பார்த்துவிட வேண்டும். `Settings > Configure Krita` திறந்து, இடப்பக்கப் பட்டியலில் `Tablet settings` பகுதிக்குப் போனால் அங்கே சோதனைச் சாளரத்தைத் திறக்கும் பொத்தான், `Open Tablet Tester`, இருக்கிறது. திறக்கிற சாளரத்தின் ஒரு பக்கத்தில் கிறுக்கலாம். மறுபக்கத்தில் ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு வரி ஓடும். அதில் `P=` என்பதை அடுத்து வரும் எண்தான் அழுத்தம். மெதுவாக அழுத்தத்தைக் கூட்டினால் அந்த எண்ணும் படிப்படியாக ஏற வேண்டும். பேனாவால் கிறுக்கியும் மவுஸ் அசைந்ததாகவே வரிகள் வந்தால் அழுத்தம் வரவில்லை. அந்த நிலையில் எந்த வளைகோட்டைத் திருத்தியும் பயனில்லை.

விண்டோஸ் கணினியில் இதற்கான காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். பேனாவின் செய்தி மென்பொருளுக்கு வர அங்கே இரண்டு வழிகள் உண்டு. பழையது `WinTab`, புதியது `Windows Ink`. கிரிட்டாவின் அதே `Tablet settings` பக்கத்தில் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். கிரிட்டா `Windows Ink` வழியில் காத்திருக்க, டேப்லெட்டின் டிரைவரில் அது அணைக்கப்பட்டிருந்தால் இருவரும் இரண்டு வாசலில் நிற்பார்கள். இரண்டு இடத்திலும் ஒன்றையே வைத்து, கிரிட்டாவை மூடித் திறக்க வேண்டும். மூடித் திறக்காமல் மாற்றம் நடைமுறைக்கு வராது. அப்படியும் வரவில்லை என்றால், முன்பு வைத்திருந்த வேறு நிறுவன டேப்லெட்டின் டிரைவர் கணினியில் தங்கியிருக்கிறதா என்று பார்க்கலாம். இரண்டு நிறுவன டிரைவர்கள் ஒரே கணினியில் ஒத்துப்போவது அரிது. பழையதை முழுதாக நீக்கிவிட்டுப் புதியதை மறுபடி நிறுவுவதே வழி.

இன்னொரு விண்டோஸ் தொல்லையும் உண்டு. கோடு தொடங்கும் இடத்தில் பேனா முனையைச் சுற்றி ஒரு வட்டம் மினுங்கும், அல்லது வளைவாகத் தொடங்க வேண்டிய கோடு முதல் சில மில்லிமீட்டர் நேராகப் போய்விட்டுப் பிறகு வளையும். பேனாவை அழுத்திப் பிடித்தால் வலது கிளிக் என்று எடுத்துக்கொள்ளும் வசதியின் வேலை இது. கை நகர்கிறதா நிற்கிறதா என்று முடிவு செய்ய விண்டோஸ் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறது. கன்ட்ரோல் பேனலில் `Pen and Touch` பகுதியில் அதை அணைத்துவிட்டால் போதும்.

வட்டம் வட்டமாக வர

பலர் தவறவிடும் இன்னொரு இடம் டேப்லெட்டின் பரப்பு. ‘ஒன் பை வேகாம்’ டேப்லெட்டின் நடுத்தர அளவை எடுத்துக்கொள்வோம். வரையும் பரப்பு 216 மில்லிமீட்டர் அகலம், 135 மில்லிமீட்டர் உயரம். அதை 1920 × 1080 பிக்சல் திரையோடு முழுதாக இணைத்தால், அகலவாக்கில் ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 8.9 பிக்சலும், உயரவாக்கில் 8 பிக்சலும் கிடைக்கின்றன. கை 50 மில்லிமீட்டர் விட்டத்தில் சரியான வட்டம் போட்டால், திரையில் அது 444 பிக்சல் அகலமும் 400 பிக்சல் உயரமும் உள்ள நீள்வட்டமாகிறது. முகத்தின் ஓவல் வளைவு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சப்பையாக வர, ஓவியர் தன் கையைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

இதற்கும் டிரைவரிலேயே தீர்வு உண்டு. திரையின் விகிதத்துக்கே பரப்பையும் கட்டுப்படுத்தும் தேர்வு வேகாம் டிரைவரில் `Force Proportions` என்ற பெயரில் இருக்கிறது. மற்ற டிரைவர்களிலும் இதையொத்த ஒன்று இருக்கும். போட்டதும் உயரம் 135-லிருந்து 121.5 மில்லிமீட்டராகக் குறையும். அடியில் பதிமூன்று பதினான்கு மில்லிமீட்டர் பட்டை உபயோகமில்லாமல் போகும். அந்த இழப்பு பரவாயில்லை.

மூன்று வளைகோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று

இனி வளைகோடுகள். முதலாவது டேப்லெட்டின் டிரைவரில் இருக்கிறது. வேகாமில் அதற்கு `Tip Feel` என்று பெயர், மென்மையிலிருந்து உறுதி வரை நகர்த்தும் ஒரு கோல். இரண்டாவது கிரிட்டாவின் `Tablet settings` பக்கத்தில் இருக்கும் `Input Pressure Global Curve`. எந்த பிரஷ்ஷை எடுத்தாலும் இது பொருந்தும். மூன்றாவது ஒவ்வொரு பிரஷ்ஷுக்கும் உள்ளே, F5 விசையை அழுத்தினால் திறக்கும் பிரஷ் எடிட்டரில், `Size` என்ற பகுதிக்குள் இருக்கிறது.

மூன்றும் தனித்தனியாக நடப்பதில்லை. ஒன்றின் விடை அடுத்ததன் கேள்வியாகப் போகிறது. இதன் விளைவை ஒரு கணக்கு காட்டும். லேசான தொடுதலுக்கும் கோடு விழட்டும் என்று ஒருவர் டிரைவரில் மேல்புடைத்த வளைகோடு வைக்கிறார். அதன் கணக்கு வர்க்கமூலம் என்று கொள்வோம். 10 சதவீத அழுத்தம் அதில் சுமார் 32 சதவீதமாகிறது. அது போதவில்லை என்று தோன்றி, கிரிட்டாவின் பொது வளைகோட்டிலும் அதே வடிவத்தை வைக்கிறார். 32 சதவீதம் இப்போது 56 சதவீதமாகிறது. கை வெறும் பத்தில் ஒரு பங்கு அழுத்தியபோதே பிரஷ் பாதிக்குமேல் விரிந்துவிட்டது. மீதி 90 சதவீத அழுத்தத்துக்கு மிச்சமிருப்பது பாதிக்கும் குறைவான தடிமன். தொடக்கத்தில் குமிழும் நடுவில் மாறாத தடிமனும் வருவது இப்படித்தான்.

டிரைவரில் வளைகோட்டை மாற்றுவதில் இன்னொரு ஆபத்து, அங்கே வெட்டுப்பட்டது திரும்பி வராது. 60 சதவீதத்துக்கு மேல் எல்லாமே 100 என்று டிரைவர் முடிவு செய்துவிட்டால், 65-க்கும் 95-க்கும் இருந்த வித்தியாசம் கிரிட்டாவுக்குத் தெரியவே தெரியாது. அதனால் வேலையை இப்படிப் பிரித்துக்கொள்வது நல்லது: டிரைவரில் கை வைக்க வேண்டாம், நடுநிலையில் விட்டுவிடலாம். கிரிட்டாவின் பொது வளைகோடு ஓவியரின் கைக்காக. பிரஷ்ஷுக்குள் இருக்கும் வளைகோடு அந்தப் பேனாவின் குணத்துக்காக.

ஒரு விதிவிலக்கு மட்டும் உண்டு. மிக லேசாகத் தொடும்போது சோதனைச் சாளரத்தில் எண்ணே ஓடவில்லை என்றால், டிரைவரின் தொடக்க எல்லையைக் கொஞ்சம் தளர்த்தத்தான் வேண்டும். வந்து சேராத அழுத்தத்தைக் கிரிட்டாவால் வளைக்க முடியாது.

கையை அளப்பது

பொது வளைகோட்டைக் குத்துமதிப்பாக வைப்பதைவிட அளந்து வைப்பது சுலபம். சோதனைச் சாளரத்தைத் திறந்து, வழக்கமாக உட்காரும் நிலையில், வழக்கமான வேகத்தில் மூன்று விதமாகக் கோடு போட வேண்டும். முடியிழை வரைவதுபோல் லேசாகச் சில, உடையின் விளிம்பு வரைவதுபோல் சாதாரணமாகச் சில, நிழல் பக்கத்தின் தடித்த கோடுபோல் அழுத்தமாகச் சில. அழுத்தமாக என்றால் மணிக்கணக்கில் வரைந்தாலும் விரல் வலிக்காத அளவு. ஒவ்வொன்றிலும் `P=` எந்த எண்ணைச் சுற்றி நிற்கிறது என்று குறித்துக்கொள்ளலாம்.

எடுத்துக்காட்டாக ஒரு கைக்கு லேசான கோடு 6 சதவீதமும், சாதாரணக் கோடு 28 சதவீதமும், அழுத்தமான கோடு 62 சதவீதமும் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வளைகோடு நேராக இருக்கையில் 20 பிக்சல் பிரஷ்ஷில் இவை முறையே 1.2, 5.6, 12.4 பிக்சல் தடிமனாகின்றன. 20 பிக்சல் என்று வைத்த பிரஷ்ஷில் அந்தக் கை 20-ஐத் தொடவே இல்லை. பலர் இந்த இடத்தில் பிரஷ்ஷைப் பெரிதாக்குவார்கள், அல்லது நிப்பு தேய அழுத்துவார்கள். இரண்டுமே தேவையில்லை.

பொது வளைகோட்டின் வலப்பக்க மேல் மூலையில் இருக்கும் புள்ளியைப் பிடித்து, மேல் விளிம்பிலேயே இடப்பக்கமாக 70 சதவீதம் வரை இழுத்தால் போதும். அழுத்தமான கோடு 62-ல் இருக்கிறது, உணர்ச்சி வேகத்தில் இன்னும் கொஞ்சம் கூடுவதற்கு 8 சதவீதம் இடம் விடப்பட்டிருக்கிறது. இப்போது அதே மூன்று கோடுகளும் சுமார் 9, 40, 89 சதவீதமாக மாறுகின்றன. 20 பிக்சல் பிரஷ்ஷில் கிட்டத்தட்ட 1.7, 8, 18 பிக்சல். கை ஒன்றும் கூடுதலாகச் செய்யவில்லை, ஆனால் பிரஷ்ஷின் முழு அகலமும் கைக்கு எட்டுகிறது.

கோடு இன்னும் நேராகத்தான் இருக்கிறது, எங்கும் வளைக்கவில்லை என்பதைக் கவனிக்கலாம். பொது வளைகோட்டில் வளைவு வைக்காமல் விடுவதே பெரும்பாலும் நல்லது. அங்கே வளைத்தால் பென்சில், வண்ண பிரஷ், அழிப்பான் எல்லாமே சேர்ந்து வளையும்.

பேனாவைத் தூக்கும்போது சிலருக்குக் கோட்டின் முடிவில் மெல்லிய வால் ஒன்று கொக்கிபோல் ஒட்டிக்கொள்ளும். கை விலகும் கணத்தில் நிப்பு தாளை உரசிச் செல்வதால் வருவது அது. இடப்பக்கக் கீழ்ப் புள்ளியை இரண்டு சதவீதம் வலப்பக்கம் நகர்த்தினால் அந்த உரசல் கணக்கில் சேராது. அதற்கு மேல் நகர்த்தினால் லேசான கோடுகளின் தொடக்கம் காணாமல் போகும்.

ஜி-பென்னின் குணம்

இனி பிரஷ். கிரிட்டாவோடு வரும் மை பிரஷ்களில் `Ink-3 Gpen` ஒன்று. ஜப்பானியச் சித்திரக்கதை ஓவியர்கள் பயன்படுத்தும் ஜி-பென் என்ற எஃகு நிப்பின் பெயர் அது. அந்த நிப்பின் முனை நடுவில் பிளந்திருக்கும். அழுத்தினால் இரண்டு நாக்குகளும் விரிந்து மை அகலமாக இறங்கும். எஃகு ஆரம்பத்தில் முரண்டு பிடித்து, ஒரு கட்டத்துக்குப் பிறகுதான் சட்டென்று விரிகிறது. லேசிலிருந்து நடுத்தரம் வரை கோடு மெல்லியதாகவே இருந்து, அதன் பிறகு விரைவாகத் தடிப்பது அதன் குணம். பிரஷ்ஷின் வளைகோடும் அப்படியே இருக்க வேண்டும்: முதல் பாதி தொய்ந்து, பின்பாதி செங்குத்தாக ஏறுகிற வளைவு.

A4 தாள், 300 டிபிஐ என்று ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டால் அது 2480 × 3508 பிக்சல். பிரஷ்ஷின் அளவு 20 பிக்சல் என்றால் அச்சில் சுமார் 1.7 மில்லிமீட்டர். F5 அழுத்தி எடிட்டரைத் திறந்து, `Size` பகுதியில் உணரிகளின் பட்டியலில் `Pressure` மட்டும் தேர்வாகியிருப்பதை உறுதி செய்துகொண்டு, மூன்று புள்ளிகள் வைக்கலாம். இடக்கோடியில் 0 அழுத்தத்துக்கு 8 சதவீதம். நடுவில் 50-க்கு 28. வலக்கோடியில் 100-க்கு 100. வளைகோட்டின் மேல் கிளிக் செய்தால் புதுப் புள்ளி வரும். பிடித்து இழுத்தால் நகரும். கட்டத்துக்கு வெளியே இழுத்துவிட்டால் மறைந்துவிடும்.

அளந்துவைத்த கையின் மூன்று கோடுகளும் இப்போது பொது வளைகோட்டையும் இந்த வளைகோட்டையும் கடந்து சுமார் 2, 4, 16 பிக்சலாக வந்து விழுகின்றன. அச்சில் 0.17, 0.34, 1.35 மில்லிமீட்டர். சாதாரண அழுத்தத்தில் கை கொஞ்சம் ஏறி இறங்கினாலும் கோடு 4 பிக்சலுக்கு அருகிலேயே நிற்கும். கோடு சீராகத் தெரிவதற்கு இதுவே பெரிய காரணம். அழுத்தமாக ஊன்றும்போது மட்டும் 16-க்குத் தாவும்.

தொடக்கத்தில் வைத்த அந்த 8 சதவீதம் கோடு ஒருபோதும் 1.6 பிக்சலுக்குக் கீழே போகாமல் காக்கிறது. அதற்குக் கீழே போன கோடுகள் அச்சில் விட்டுவிட்டுத் தெரியும். ஆனால் ஊசிபோல் கூரான முடிவு வேண்டும் என்பவருக்கு இது ஒத்துவராது. கூந்தலும் புல்லும் வரைய அதே பிரஷ்ஷை நகலெடுத்து, இடக்கோடிப் புள்ளியை 0-க்கு இறக்கி, வேறு பெயரில் சேமித்துக்கொள்வது வழக்கம். சேமிக்காமல் விட்டு, பிரஷ்ஷை மறுபடி ஏற்றினால் வளைகோடு பழைய நிலைக்குப் போய்விடும்.

அதே எடிட்டரில் `Opacity`, `Flow` இரண்டிலும் அழுத்தம் இணைக்கப்படாமல் இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். இணைந்திருந்தால் லேசான கோடுகள் கருப்பாக இல்லாமல் சாம்பல் நிறமாக விழும். திரையில் அழகாகவே தெரியும். பிறகு வண்ணம் நிரப்பும் கருவியைப் பயன்படுத்தும்போதுதான் கோட்டின் ஓரமெல்லாம் வெள்ளைப் பிசிறு ஒட்டிக்கொண்டு வேலையைக் கெடுக்கும்.

புள்ளிகளை அள்ளித் தெளிப்பதும் கூடாது. கிரிட்டா புள்ளிகளை நேர்கோடுகளால் இணைப்பதில்லை, வளைந்து கொடுக்கும் கோட்டால் இணைக்கிறது. இரண்டு புள்ளிகளை நெருக்கமாக வைத்தால் அவற்றுக்கு இடையே கோடு மேடும் பள்ளமுமாக அலையும். பள்ளம் விழுந்த இடத்தில் அழுத்தம் கூடக்கூடக் கோடு மெலியும். வரைபவருக்குக் காரணம் புரியாது. மூன்று புள்ளிகள், மிஞ்சினால் நான்கு போதும்.

நடுக்கத்தைக் குறைப்பது

தடிமன் சரியான பிறகு பாதை. ‘ஒன் பை வேகாம்’ நொடிக்கு 133 முறை பேனாவின் இடத்தைச் சொல்கிறது. ஒரு வேகமான இழுப்பு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான் நீடிக்கிறது என்றால், அந்தக் கோட்டுக்கு மொத்தம் 26, 27 புள்ளிகளே கிடைக்கும். கோடு 1500 பிக்சல் நீளம் என்றால் புள்ளிக்குப் புள்ளி 55 பிக்சலுக்கு மேல் இடைவெளி. அவற்றை நேர்கோடுகளால் இணைத்தால் வளைவு முழுக்க மூலைமூலையாகத் தெரியும். பிரஷ் கருவியைத் தேர்ந்தெடுத்து `Tool Options` பலகையில் `Brush Smoothing` என்பதை `None` என்று வைத்தால் இதைக் கண்ணால் பார்க்கலாம்.

`Basic` என்று வைத்தால் புள்ளிகளுக்கு இடையே வளைவாக நிரப்பும், கையின் நடுக்கத்தை அவ்வளவாகத் தொடாது. `Weighted` அண்மையில் கடந்த புள்ளிகளைச் சேர்த்து, எடை போட்டுச் சராசரி எடுக்கிறது. சின்ன நடுக்கங்கள் கரைந்துவிடும். `Stabilizer` இன்னும் கண்டிப்பானது. கோடு பேனாவுக்குப் பின்னால் இழுபட்டு வரும். நீளமான, மெதுவான வளைவுகளுக்கு, ஒரு காரின் கூரை விளிம்புக்கோ சேலையின் நீண்ட மடிப்புக்கோ, அது உதவும்.

கூடுதலாக வைத்தால் கூடுதல் அழகு என்று இதை நினைக்க வேண்டாம். `Distance` எண்ணை ஏற்ற ஏற்ற மூலைகள் உருண்டையாகும். விரல் நகத்தின் முனை, மூக்கின் நுனி எல்லாம் மழுங்கும். நிழலுக்காகக் குறுகிய இணைகோடுகளை வேகமாகப் போட்டால் அவை குட்டையாகும் அல்லது முனையில் திரும்பி வளையும். அன்றாட இங்கிங்குக்கு `Weighted` வைத்து, சிறிய `Distance` எண்ணில் தொடங்கி, கைநடுக்கம் மறைகிற இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். நீண்ட வளைவுக்கு மட்டும் `Stabilizer` எடுத்து, முடிந்ததும் திரும்பிவிடலாம். அழுத்தத்தையும் சேர்த்துச் சமன்படுத்தும் `Smooth Pressure` என்ற தேர்வை, கோட்டின் தடிமன் மணிமணியாக ஏறி இறங்குகிறவர்கள் போட்டுப் பார்க்கலாம். சட்டென்று மெலியும் முனைகளை அது கொஞ்சம் மந்தமாக்கும்.

எந்தப் பெரிதாக்கத்தில் வரைகிறோம் என்பதும் இதில் சேர்த்தி. 25 சதவீதத்தில் பக்கம் முழுவதையும் பார்த்தபடி வரைந்தால், திரையின் ஒரு பிக்சல் அசைவு படத்தில் நான்கு பிக்சலாகிறது. அங்கே சீராகத் தெரிந்த கோடு 100 சதவீதத்தில் பார்த்தால் அலையலையாக இருக்கும். 50-க்கும் 100-க்கும் இடையில் வைத்து, மணிக்கட்டுக்கு இசைவான திசையில் கோடு வரும்படி தாளை 4, 6 விசைகளால் சுழற்றிக்கொண்டு வரைகிறவர்களுக்குச் சமன்படுத்தும் கருவியே குறைவாகத்தான் தேவைப்படுகிறது. 5 விசை தாளைப் பழையபடி நேராக்கிவிடும்.

கையா, கருவியா?

இவ்வளவும் செய்த பிறகும் கோடு அலைந்தால், பழுது எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு ஸ்கேல் போதும். சமன்படுத்தலை `None` ஆக்கி, டேப்லெட்டின் மேல் ஸ்கேலைச் சாய்வாக 45 பாகையில் வைத்து, அதை ஒட்டிப் பேனாவை மிக மெதுவாக இழுக்க வேண்டும். ஸ்கேலை ஒட்டிய கோட்டில் கைநடுக்கத்துக்கு இடமில்லை. அப்போதும் கோடு படிக்கட்டுபோலவோ அலைபோலவோ வந்தால் அது டேப்லெட்டின் உணர்வு வலையிலிருந்து வருவது. எந்த அழுத்த வளைகோடும் அதைத் தீர்க்காது. மெதுவாக இழுக்காமல் வேகமாக இழுத்தால் குறையும். `Weighted` அளவைக் கூட்டினாலும் ஓரளவு மறையும். ஸ்கேல் கோடு நேராக வந்து, ஸ்கேல் இல்லாத கோடு மட்டும் அலைந்தால் அது கையின் நடுக்கம்.

பேனாவுக்கும் ஒரு சோதனை உண்டு. பேனாவைப் பரப்புக்குச் சற்று மேலே தொடாமல் பிடித்தால் சோதனைச் சாளரத்தில் `P=` 0-வில் இருக்க வேண்டும். தொடாமலே 3, 4 என்று ஏதாவது நின்றால் நிப்பு பின்வாங்கி மாட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது உணரி களைத்துவிட்டது. நிப்பைக் கழற்றி, தூசு தட்டி மாட்டினால் பல நேரம் சரியாகிவிடும். ஒரு பக்கம் சாய்வாகத் தேய்ந்து உளிபோலான நிப்பு பரப்பில் கீறலும் போடும், கோட்டையும் இழுக்கும். அதை மாற்றிவிட வேண்டியதுதான். உணரியே தளர்ந்திருந்தால், பொது வளைகோட்டின் இடக்கோடிப் புள்ளியை அந்த எண்ணுக்கு அப்பால் நகர்த்தி இன்னும் சில மாதங்கள் ஓட்டலாம்.

நிப்பை மாற்றினாலும், டிரைவர் தானாகப் புதுப்பித்துக்கொண்டாலும், மேஜையின் உயரம் மாறினாலும் அந்த மூன்று எண்களும் கொஞ்சம் நகரும். டிரைவர் புதுப்பிக்கும்போது `Tip Feel` போன்றவை பழைய நிலைக்குத் திரும்பிவிடுவதும் நடக்கிறது. கிரிட்டாவின் அமைப்புகள் `kritarc` என்ற கோப்பில் இருக்கின்றன. விண்டோஸில் `%LOCALAPPDATA%` அடைவிலும் லினக்ஸில் `~/.config` அடைவிலும் அதைக் காணலாம். கோடு மனசுக்குப் பிடித்தபடி அமைந்த நாளில் அந்தக் கோப்பை ஒரு நகலெடுத்து, லேசு, சாதாரணம், அழுத்தம் என்று அளந்த மூன்று எண்களையும் கூடவே குறித்து வைத்துக்கொண்டால், அடுத்த முறை கோடு மாறும்போது சோதனைச் சாளரத்தில் அதே மூன்று கோடுகளைப் போட்டு ஒப்பிட்டுவிடலாம். எண்கள் அப்படியே இருந்தால் மாறியது பிரஷ் அல்லது பொது வளைகோடு. எண்கள் மாறியிருந்தால் டிரைவரிலோ பேனாவிலோ நிப்பிலோ தேட வேண்டும்.